போஷ் கமிட்டிக்கு ஒரு புகார் வந்தா முதல் நாள்ல இருந்து ரிப்போர்ட் வரைக்கும் என்ன செய்யணும் (ரகசியமும் கெடாம, நியாயமும் கெடாம)

வேலை இடத்துல பெண்களுக்கு நடக்கற பாலியல் தொல்லை பத்தின புகாரை விசாரிக்கறது தான் போஷ் கமிட்டி. அந்தக் கமிட்டில உக்காந்திருக்கற நிறைய பேருக்கு ஒரு குழப்பம் இருக்கு. ரகசியம் காக்கணும்னு சட்டம் சொல்லுது, அதனால புகார்ல என்ன இருக்குன்னு எதிர் தரப்புக்கு முழுசா சொல்லக்கூடாதுன்னு நினைச்சுக்கறாங்க. அதே சமயம் பக்கத்து சீட்ல இருக்கற ஹெச்ஆர் ஆளுக்கும், டிபார்ட்மென்ட் ஹெட்டுக்கும், மீட்டிங் ரூம் புக் பண்ணிக் கொடுக்கற அட்மினுக்கும் விஷயம் தெரிஞ்சிருக்கும். இது அப்படியே தலைகீழ். யார் மேல புகாரோ அவருக்கு எல்லாமே தெரியணும், இல்லன்னா அவரால பதில் சொல்ல முடியாது. விசாரணைல சம்பந்தமே இல்லாத மத்தவங்களுக்கு ஒண்ணுமே தெரியக்கூடாது. இந்தக் கோட்டை எங்க போடறதுங்கறது தான் பாதி வேலை.

நான் வெளி உறுப்பினரா சில கமிட்டிகள்ல இருக்கேன். இங்க எழுதறது 2013ல வந்த போஷ் சட்டத்தையும் அதே வருஷம் வந்த விதிகளையும் வச்சு தான். பொதுவா சொன்னா யாருக்கும் மனசுல நிக்காது, அதனால ஒரு கற்பனை கேஸை எடுத்து கடைசி வரைக்கும் கொண்டு போறேன்.

அறுபது பேர் வேலை பாக்கற ஒரு கம்பெனி, வாரத்துக்கு அஞ்சு நாள் வேலை. அக்கவுன்ட்ஸ்ல ப்ரொபேஷன்ல இருக்கற ஒரு பொண்ணு மார்ச் 3 திங்கக்கிழமை எழுத்துல புகார் கொடுக்கறாங்க, அவங்க மேனேஜர் மேல. நாலு விஷயம் சொல்றாங்க. ஒண்ணு, டிசம்பர்ல இருந்து மத்தவங்க முன்னாடியே அவங்க உடம்பையும் டிரஸ்ஸையும் பத்தி கமென்ட் அடிச்சார். ரெண்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல வேலைக்கு சம்பந்தமில்லாத வாட்ஸ்அப் மெசேஜ் அனுப்பினார். மூணு, ஜனவரி 20 சாயங்காலம் மீட்டிங் முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் ரூம்ல கையைப் புடிச்சு இழுத்து "உன் கன்ஃபர்மேஷன் என் கையில தான் இருக்கு"ன்னு சொன்னார். நாலு, அதுக்கப்புறம் பழிவாங்க ரேட்டிங்கைக் குறைச்சார். மூணாவது சம்பவத்தை நேர்ல பாத்த சாட்சி யாரும் இல்ல. அவர் எல்லாத்தையும் மறுக்கறார்.

புகார் கையில வந்த அன்னைக்கு

முதல்ல தேதி பாருங்க. சம்பவம் நடந்த நாள்ல இருந்து மூணு மாசத்துக்குள்ள புகார் வரணும், தொடர்ச்சியா நடந்திருந்தா கடைசி சம்பவத்துல இருந்து கணக்கு. அந்தப் பொண்ணால மூணு மாசத்துக்குள்ள வர முடியலன்னா கமிட்டி இன்னொரு மூணு மாசம் வரைக்கும் நீட்டிக்கலாம், ஆனா காரணத்தை எழுதி வைக்கணும். நம்ம கேஸ்ல பிரச்சினை இல்ல, ஜனவரி 20 ஆச்சு. டிசம்பர் கமென்ட் பழசாச்சேன்னு யாராவது சொன்னா, அதெல்லாம் ஒரே தொடர்ச்சியோட பகுதின்னு பாக்கணும்.

வாய் வார்த்தையா வந்து சொன்னா "எழுதிக் கொண்டுட்டு வாம்மா"ன்னு அனுப்பிடாதீங்க. எழுத முடியாத நிலைமைல இருக்கறவங்களுக்கு எழுத உதவி செய்யறது தலைவர் இல்லன்னா உறுப்பினரோட கடமைன்னே சட்டத்துல இருக்கு. ஆனா நீங்க எழுதிக் கொடுக்கும்போது அவங்க வார்த்தையையே எழுதுங்க. "அநாகரிகமாக நடந்துகொண்டார்"னு மேல்பூச்சா எழுதினா பின்னாடி எதை நிரூபிக்கறதுன்னே தெரியாது, அவருக்கும் எதுக்கு பதில் சொல்றதுன்னு தெரியாது. கையைப் புடிச்சாரா, எந்தக் கை, என்ன சொன்னார், எந்த ரூம், ஏறத்தாழ எத்தனை மணி, இதெல்லாம் இருக்கணும்.

அப்புறம் கமிட்டிக்குள்ளயே ஒரு சோதனை. உறுப்பினர்ல யாராவது அந்த மேனேஜருக்கு கீழ வேலை பாக்கறாங்களா, சொந்தமா, தினமும் ஒண்ணா கார்ல வர்றவங்களா, இல்ல அந்தப் பொண்ணு முன்னாடியே இவங்ககிட்ட அழுது விஷயத்தைச் சொல்லி இவங்க தான் புகார் கொடுன்னு தூண்டினவங்களா? அப்படின்னா அவங்க விலகிக்கணும். கடைசியா சொன்ன வகையை யாரும் கவனிக்கறதே இல்ல, ஆனா அவங்க இந்தக் கேஸ்ல சாட்சி, நீதிபதியா உக்கார முடியாது. ஒருத்தர் விலகினதும் ஆள் குறையுதான்னு பாத்துக்கோங்க, விசாரணை நடத்த தலைவரோட சேத்து குறைஞ்சது மூணு பேர் வேணும், தலைவர் பெண்ணா இருக்கணும், கமிட்டில பாதிப் பேராவது பெண்களா இருக்கணும். வெளி உறுப்பினர் பேர் நோட்டீஸ் போர்டுல மட்டும் இருந்து விசாரணைல தலைகாட்டாம இருக்கற கமிட்டிகள் இருக்கு, அந்த மாதிரி ரிப்போர்ட் அப்பீல்ல ஆடிப் போயிடும்.

புகார் அந்த கம்பெனி முதலாளி மேலயே இருந்தா உங்க கமிட்டி தொடவே கூடாது, மாவட்டத்துல இருக்கற உள்ளூர் கமிட்டிக்குத் தான் போகணும்.

ஃபைல்

இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா விஷயம் வெளிய கசியறது பெரும்பாலும் யாரோ வேணும்னே சொல்லி இல்ல, இப்படித் தான் கசியும். கேலண்டர்ல "போஷ் ஹியரிங்"னு இன்வைட் போட்டு ரெண்டு பேர் பேரையும் அதுல சேத்திருப்பாங்க, மொத்த ஆஃபீஸும் பாக்கும். ஹெச்ஆர் டீம்ல அஞ்சு பேர் திறக்கற பொது மெயில் ஐடிக்கு புகார் வந்திருக்கும். பிரின்டர்ல கொடுத்துட்டு எடுக்க மறந்திருப்பாங்க. விசாரணையை கண்ணாடி ரூம்ல வச்சிருப்பாங்க, யார் யார் உள்ள போனாங்கன்னு பாத்தாலே கதை முடிஞ்சுது.

அதனால முதல் நாளே கேஸுக்கு ஒரு நம்பர் கொடுத்துடுங்க. மெயில் சப்ஜெக்ட்லயும் ஃபைல் பேர்லயும் அந்த நம்பர் மட்டும் தான், பேர் வேண்டாம். ஒரு தனி ஃபோல்டர், விசாரிக்கற உறுப்பினர்களுக்கு மட்டும் பாஸ்வேர்ட், ஐடி அட்மினால திறக்க முடியுமான்னும் கேட்டுக்கோங்க. பேப்பர் காப்பி எத்தனை எடுத்தோம், எந்த காப்பி யார்கிட்ட இருக்குன்னு ஒரு பக்கத்துல எழுதி வைங்க, ஒவ்வொரு காப்பிலயும் வாங்கறவர் பேரை குறுக்க அச்சடிச்சுக் கொடுத்தா கசிஞ்சா எங்க இருந்துன்னு தெரியும். விதிப்படி புகாரை ஆறு பிரதி கொடுக்கணும். அந்தப் பொண்ணை ஆறு தடவை ஜெராக்ஸ் எடுக்க கடைக்கு அனுப்பாம கமிட்டியே உள்ள எடுத்துக்கலாம், அது அவங்களுக்குச் செய்யற உதவி தான்.

கமிட்டி வாட்ஸ்அப் குரூப் இருந்தா அதுல இந்தக் கேஸ் பத்தி ஒரு வார்த்தையும் வரக்கூடாது. "நேத்து அவர் சொன்னது பொய்னு தோணுது"ன்னு ஒரு உறுப்பினர் போட்ட மெசேஜ் ஸ்கிரீன்ஷாட்டா கோர்ட்டுக்கு வந்தா, கமிட்டி முன்னாடியே முடிவு பண்ணிடுச்சுன்னு காட்ட அது ஒண்ணே போதும்.

எதையெல்லாம் வெளிய சொல்லக்கூடாதுன்னு பதினாறாவது பிரிவுல இருக்கு: புகார்ல உள்ளது, புகார் கொடுத்தவர், எதிர் தரப்பு, சாட்சிகள் மூணு பேரோட அடையாளமும், சமரசம், விசாரணை, பரிந்துரை, எடுத்த நடவடிக்கை எல்லாமே. எதிர் தரப்போட அடையாளமும் இதுல இருக்குங்கறத கவனிங்க. புகாரைக் கையாளற பொறுப்புல இருக்கறவங்க மீறினா அவங்க சர்வீஸ் ரூல்ஸ்படி நடவடிக்கை, அப்படி எதுவும் இல்லன்னா 5,000 ரூபாய் அபராதம். ஆனா இதைக் காட்டி அந்தப் பொண்ணை "வீட்ல கூட சொல்லாத"ன்னு மிரட்டறது தப்பு. சட்டம் தடுக்கறது பொது ஜனத்துக்கும் பத்திரிகைக்கும் மீடியாவுக்கும் தெரியப்படுத்தறத. அவங்க வக்கீல்கிட்ட, டாக்டர்கிட்ட, போலீஸ்கிட்ட பேசறத இல்ல. போலீஸுக்குப் போகணும்னு அவங்க நினைச்சா அதுக்கு உதவறது முதலாளியோட கடமை.

அழியறதை முதல்ல புடிங்க

நோட்டீஸ் அனுப்பறதுக்கு முன்னாடி இதைச் செய்யணும், ஏன்னா நோட்டீஸ் போனப்புறம் சில விஷயங்கள் காணாமப் போகலாம். சிசிடிவி ரெக்கார்டிங் தானா மேல மேல எழுதப்படும், ஒண்ணரை மாசம் கழிச்சு பெரும்பாலும் இருக்காது. ஆனாலும் கேளுங்க, கேட்டதையும் என்ன பதில் வந்துச்சுங்கறதையும் எழுதி வைங்க. "இல்ல, அழிஞ்சுடுச்சு"ங்கறதும் பதிவு தான், நாளைக்கு யாரும் கமிட்டி மறைச்சுடுச்சுன்னு சொல்ல முடியாது.

கேக்கும்போது எப்படிக் கேக்கறீங்கங்கறதுல தான் ரகசியம் இருக்கு. "ஜனவரி 20 சாயங்காலம் ஏழு மணிக்கு சின்ன மீட்டிங் ரூம்"னு கேட்டா செக்யூரிட்டிக்கும் ஐடிக்கும் யார் விஷயம்னு அன்னைக்கே புரிஞ்சுடும். அந்த வாரம் முழுசா, அந்த ஃப்ளோர் முழுசா, கார்ட் ஸ்வைப் பண்ண எல்லாருடைய டேட்டாவும் கேளுங்க, ரூம் புக்கிங் லிஸ்ட்டை ரெண்டு மாசத்துக்கு மொத்தமா கேளுங்க. காரணம் கேட்டா கமிட்டிக்குத் தேவைன்னு மட்டும் சொல்லுங்க. சாட்சிகளைக் கூப்பிடவும் ஆவணங்களை வரவழைக்கவும் சிவில் கோர்ட்டுக்கு இருக்கற அதிகாரம் கமிட்டிக்கு இருக்கு, தயங்க வேண்டியதில்ல.

நம்ம கேஸ்ல இன்னொண்ணு முக்கியம், ரேட்டிங் போடற சாஃப்ட்வேர். அதுல யார் எந்தத் தேதில எந்த நம்பரை மாத்தினாங்கன்னு பதிவு இருக்கும். அக்கவுன்ட்ஸ் டீம் மொத்தத்துக்கும் அதை எடுத்துக்கணும், இவங்க ஒருத்தருக்கு மட்டும் இல்ல. ஏன்னு பின்னாடி வரும்.

நோட்டீஸ்

புகார் வந்து ஏழு வேலை நாளுக்குள்ள ஒரு பிரதி எதிர் தரப்புக்குப் போகணும். மார்ச் 3ல வந்தா மார்ச் 12 கடைசி நாள். நம்ம கமிட்டி மார்ச் 6 அன்னைக்கே கொடுத்துடுதுன்னு வச்சுக்கோங்க. கையில வாங்கின நாள்ல இருந்து அவருக்கு பத்து வேலை நாள், நடுவுல லீவு எதுவும் இல்லன்னா மார்ச் 20க்குள்ள பதிலும் அவர் பக்க ஆவணங்களும் சாட்சி லிஸ்ட்டும் வரணும்.

இங்க தான் முதல்ல சொன்ன குழப்பம் தலை தூக்கும். "உங்கள் மீது பாலியல் தொல்லை புகார் வந்துள்ளது, விளக்கம் தரவும்"னு ரெண்டு வரி அனுப்பறாங்க. அது நோட்டீஸே இல்ல. முழு புகாரும், அதோட கொடுத்த ஸ்கிரீன்ஷாட்டும் மத்த ஆவணங்களும், சாட்சி லிஸ்ட்டும் போகணும். அவருக்குக் கொடுக்காம எடுத்து வைக்க வேண்டியது அந்தப் பொண்ணோட வீட்டு அட்ரஸ், பர்சனல் நம்பர், மெடிக்கல் ரிப்போர்ட்ல கேஸுக்கு சம்பந்தமில்லாத பக்கங்கள், இவ்வளவு தான். அவரைத் தனியா ஒரு ரூம்ல கூப்பிட்டு கையெழுத்து வாங்கிட்டுக் கொடுங்க, சீட்ல கொண்டு போய் கவர் வைக்காதீங்க. கூடவே எழுத்துல மூணு விஷயம் சொல்லணும்: அவங்களையோ சாட்சிகளையோ இது பத்தி தொடர்பு கொள்ளக்கூடாது, ஃபோன்ல எதையும் அழிக்கக்கூடாது, இது குற்றம் நிரூபிச்ச நோட்டீஸ் இல்ல. மூணாவதை நிறைய பேர் எழுதறதில்ல, எழுதுங்க, அந்த நிமிஷத்துல அவர் கை நடுங்கிட்டிருக்கும், பொய்க் கேஸ்னாலும் உண்மைக் கேஸ்னாலும்.

இதே நேரத்துல இடைக்கால ஏற்பாடு. அந்தப் பொண்ணு எழுத்துல கேட்டா ரெண்டு பேர்ல ஒருத்தரை வேற இடத்துக்கு மாத்தலாம், அவங்களுக்கு மூணு மாசம் வரைக்கும் லீவு கொடுக்கலாம், அது அவங்க வழக்கமான லீவுல கழியாது. அவங்களோட வேலையை இவர் மதிப்பிடறதை நிறுத்தலாம். நம்ம கேஸ்ல கன்ஃபர்மேஷன் அவர் கையில இருக்கறதால கடைசி விஷயம் கட்டாயம் வேணும். "பாதுகாப்புக்குத் தான்"னு சொல்லி அவங்க கேக்காமலே அவங்களை வேற பில்டிங்குக்கு அனுப்பாதீங்க, அது தண்டனை மாதிரி ஆயிடும். ஒரு டிப்பு: திடீர்னு ஒருத்தரை மட்டும் மாத்தினா ஊரே பேசும், அந்த மாசம் அக்கவுன்ட்ஸ்ல எல்லாருக்கும் ரேட்டிங்கை வேற ஒரு சீனியர் பாக்கறார்னு சொன்னா யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க.

சமரசம்? விசாரணை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அவங்களா கேட்டா மட்டும். கமிட்டி ஆரம்பிச்சு வைக்கக்கூடாது, காசு கொடுத்து முடிக்கறதை அடிப்படையா வைக்கவே கூடாது. "ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கோங்க, வேலை முக்கியம் இல்லையா"ன்னு தலைவரே சொல்ற கமிட்டி எல்லாம் இருக்கு. இந்தக் கேஸ்ல அவங்க கேக்கல, அதனால நேரா விசாரணை.

விசாரணை ரூம்ல

ரெண்டு பேரையும் எதிரெதிரா உக்கார வைக்கணும்னு எந்த சட்டமும் சொல்லல. தனித்தனி நாள், இல்லன்னா தனித்தனி நேரம், ரெண்டுக்கும் நடுவுல ஒரு மணி நேரமாவது இடைவெளி, வாசல்ல மோதிக்கக்கூடாது. ரெண்டு தரப்புக்கும் வக்கீல் கூட வர அனுமதி இல்ல.

அந்தப் பொண்ணை முதல்ல தடங்கல் இல்லாம பேச விடுங்க. அவங்க பேசற மொழிலயே எழுதுங்க, எழுதினதைப் படிச்சுக் காட்டி ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்து வாங்குங்க, உறுப்பினர்களும் போடணும். கேள்வி அப்புறம். ஏன் கத்தல, ஏன் அந்த டிரஸ் போட்டீங்க, முன்னாடி யாரோட பழகினீங்க, இதெல்லாம் விசாரணைக்கு எந்த உதவியும் பண்ணாத கேள்வி. ஆனா கஷ்டமான கேள்வி கேக்கவே கூடாதுன்னு அர்த்தம் இல்ல. ஜனவரி 20ல நடந்ததுக்கு மார்ச் 3ல ஏன் புகார்ங்கறது அவர் எப்படியும் எழுப்பற விஷயம், கமிட்டியே நிதானமா "அந்த நாளுக்கும் புகார் கொடுத்த நாளுக்கும் நடுவுல என்னென்ன நடந்துச்சு, வரிசையா சொல்லுங்க"ன்னு கேட்டா குத்தம் சொல்ற மாதிரி இருக்காது. அவங்க சொல்றாங்க: அன்னைக்கு ராத்திரி கூட வேலை பாக்கற தோழிக்கு மெசேஜ் போட்டேன், மறுநாள் லீவு போட்டேன், கன்ஃபர்மேஷன் வரட்டும்னு காத்திருந்தேன், பிப்ரவரி கடைசில ரேட்டிங்கைப் பாத்ததும் இனிமே தாங்க முடியாதுன்னு தோணிச்சு. இதுல ஒவ்வொண்ணும் சரிபாக்கக் கூடிய விஷயம்.

மெசேஜ்னா ஸ்கிரீன்ஷாட் மட்டும் வாங்கி வச்சுக்காதீங்க. அவங்க ஃபோனை அவங்களே திறந்து கமிட்டி முன்னாடி அந்த உரையாடலை மேல இருந்து கீழ வரைக்கும் காட்டட்டும், நம்பரையும் தேதியையும் குறிச்சுக்கோங்க. அதே உரையாடலை அவர் ஃபோன்லயும் காட்டச் சொல்லுங்க. நடுவுல ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்திருந்தா ரெண்டையும் பக்கத்துல வைக்கும்போது தெரிஞ்சுடும், எந்தப் பக்கம் வெட்டியிருந்தாலும். நம்ம கேஸ்ல அவர் ஃபோன்ல ஜனவரிக்கு முந்தின உரையாடல் மொத்தமும் இல்ல, ஃபோன் மாத்தினேன்னு சொல்றார். அதுவே குற்றம்னு ஆகாது, ஆனா அவங்க ஃபோன்ல இருக்கறதை மறுக்க அவர்கிட்ட ஒண்ணும் இல்லன்னு பதிவாகும்.

சாட்சிகளைக் கூப்பிடறதுல கவனம் வேணும். தோழிகிட்ட புகாரைப் படிச்சுக் காட்டாதீங்க, என்ன கேஸ்னு கூட முழுசா சொல்ல வேண்டியதில்ல. "ஜனவரி 20 ராத்திரி உங்களுக்கு அவங்ககிட்ட இருந்து ஏதாவது தகவல் வந்துச்சா"ன்னு ஆரம்பிங்க. பதிலைக் கேள்விக்குள்ளயே வைக்காதீங்க. சாட்சியா வர்றவங்களுக்குத் தேவையான அளவு தான் தெரியணும், போகும்போது ரகசியம் காப்பேன்னு ஒரு கையெழுத்து. அவர் பக்க சாட்சிகளுக்கும் இதே மரியாதை, இதே நேரம். அவர் மூணு பேர் பேர் கொடுத்தா, "இவங்க எல்லாம் அவர் ஆளுங்க தானே"ன்னு ஒதுக்கினா ரிப்போர்ட் அங்கயே ஓட்டை.

குறுக்கு விசாரணை தான் கமிட்டிகள் பயப்படற இடம். நேருக்கு நேர் கேள்வி கேக்க விட்டா அவங்க உடைஞ்சுடுவாங்க, விடலன்னா அவருக்கு வாய்ப்பு மறுத்த மாதிரி. நடைமுறைல இருக்கற வழி இது: அவங்க வாக்குமூலம், சாட்சி வாக்குமூலம் எல்லாம் அவருக்குக் காப்பி போகும், அவர் தன் கேள்விகளை எழுதிக் கொடுப்பார், கமிட்டி அந்தக் கேள்விகளை அவங்ககிட்ட கேட்டு பதிலை எழுதி அவருக்குக் கொடுக்கும். அவங்களுக்கும் இதே உரிமை உண்டு. ஏதாவது ஒரு கேள்வியைக் கமிட்டி கேக்க மறுத்தா, எந்தக் கேள்வி, ஏன்னு எழுதி வைக்கணும். நம்ம மேனேஜர் பன்னெண்டு கேள்வி கொடுக்கறார், அதுல ரெண்டு அவங்க பழைய காதல் பத்தி. கமிட்டி ரெண்டையும் தள்ளிட்டு "புகாரில் உள்ள நான்கு குற்றச்சாட்டுகளுக்கும் தொடர்பில்லை"ன்னு ஒரு வரி எழுதுது, மிச்சம் பத்தையும் கேக்குது. அதுல ஒண்ணு உண்மையிலேயே நல்ல கேள்வி: ஜனவரி 9 அன்னைக்கு மாசக் கணக்குல தப்பு இருக்குன்னு நான் மெயில் போட்டேனா இல்லையா? போட்டிருக்கார்.

ஒரு தரப்பு தகுந்த காரணம் இல்லாம தொடர்ந்து மூணு தடவை வரலன்னா விசாரணையை முடிச்சுடவோ, வராமலே முடிவெடுக்கவோ முடியும், ஆனா அதுக்கு முன்னாடி 15 நாள் எழுத்து நோட்டீஸ் கட்டாயம். அவசரத்துக்கு என்ன விலைங்கறதுக்கு கோவா பல்கலைக்கழக வழக்கைப் பாருங்க. 2009ல வந்த புகார், கமிட்டி அடுத்தடுத்து ஹியரிங் வச்சு எதிர் தரப்புக்கு சரியான வாய்ப்பு தராம ஓடி முடிச்சுது, வேலையை விட்டு எடுத்தாங்க. 2023 மே மாசம் சுப்ரீம் கோர்ட் அந்த நடைமுறையை ஏத்துக்காம ரத்து பண்ணி, திரும்ப விசாரிங்கன்னு கமிட்டிக்கே அனுப்பிச்சு. புகார் கொடுத்த மாணவிகளுக்கு பதினாலு வருஷம் கழிச்சு மறுபடியும் விசாரணை. எதிர் தரப்புக்கு வாய்ப்பு கொடுக்கறது அவருக்குச் செய்யற சலுகைன்னு நினைக்கறவங்க இதை ஒரு தடவை படிக்கணும்.

எப்படி முடிவு பண்றது

இது கிரிமினல் கோர்ட் இல்ல. சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும்னு தேவையில்ல, நடந்திருக்க வாய்ப்பு நடக்கலங்கறதை விட அதிகமாங்கறது தான் அளவுகோல். சாட்சி இல்லன்னா கேஸ் இல்லன்னு சொல்றது தப்பு, இப்படிப்பட்ட விஷயம் பெரும்பாலும் ஆள் இல்லாத இடத்துல தான் நடக்கும். அதே சமயம் "பொண்ணு ஏன் பொய் சொல்லப் போகுது"ங்கறதும் ஒரு காரணம் ஆகாது.

மொத்தமா நம்பறேன், நம்பலன்னு முடிவெடுக்காம ஒவ்வொரு குற்றச்சாட்டையும் தனியா எடுங்க.

கமென்ட்: டீம்ல ரெண்டு பேர் கேட்டதா சொன்னாங்க, ஒருத்தர் கேக்கலன்னார். கேட்டதா சொன்ன ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே வார்த்தையைச் சொன்னாங்க, வேற வேற நாள்ல விசாரிச்சப்போ. நிரூபணம். மெசேஜ்: ஃபோன்லயே இருக்கு, பதில் ஒரு வார்த்தைல முடிச்சிருக்காங்க, அப்புறம் பதிலே இல்ல, அவர் தொடர்ந்திருக்கார். நிரூபணம்.

மீட்டிங் ரூம் தான் கஷ்டம். ரூம் புக்கிங் ஏழு மணி வரைக்கும் இருக்கு. மத்த நாலு பேர் கார்ட் 6.50ல இருந்து 6.56க்குள்ள வெளிய போயிருக்கு, இவங்க ரெண்டு பேருடையதும் 7.10க்கு மேல தான். மீட்டிங் முடிஞ்ச உடனே நானும் கிளம்பிட்டேன்னு அவர் எழுத்துல சொன்னது இதோட ஒத்துப்போகல. அன்னைக்கு ராத்திரி 8.20க்கு தோழிக்குப் போன மெசேஜ்ல கையைப் புடிச்சதும் கன்ஃபர்மேஷன் பேச்சும் இருக்கு, புகார் கொடுக்கற யோசனையே இல்லாத நேரத்துல எழுதினது. மறுநாள் லீவு. இதுல எதுவும் தனியா நின்னா ஒண்ணும் நிரூபிக்காது, சேத்து வச்சா நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம். கமிட்டி நிரூபணம்னு எழுதுது, இதே காரணங்களை வரிசையா சொல்லி.

ரேட்டிங்: சாஃப்ட்வேர் பதிவுல பிப்ரவரி 3ல நாலுல இருந்து ரெண்டா மாறியிருக்கு. பாத்த உடனே பழிவாங்கல்னு தோணும். ஆனா மொத்த டீமோட பதிவையும் எடுத்ததால, அதே நாள்ல இன்னும் ரெண்டு பேருக்கும் அதே மாதிரி குறைஞ்சது தெரியுது, கம்பெனி அந்த வாரம் எல்லா மேனேஜர்கிட்டயும் ரேட்டிங்கை இறுக்கச் சொன்ன சுற்றறிக்கை இருக்கு, ஜனவரி 9 மெயிலும் இருக்கு. நிரூபணம் ஆகல.

நாலுல ஒண்ணு நிரூபணம் ஆகலன்னா அது பொய்ப் புகார் ஆயிடாது. நிரூபிக்க முடியாததாலயோ, போதுமான ஆதாரம் தர முடியாததாலயோ மட்டும் புகார் கொடுத்தவங்க மேல நடவடிக்கை எடுக்க முடியாதுன்னு சட்டமே சொல்லுது. கெட்ட எண்ணத்தோட, பொய்னு தெரிஞ்சே கொடுத்தாங்கன்னு தனியா விசாரிச்சு நிறுவணும். அவங்க ரேட்டிங் குறைஞ்சதைப் பாத்து அப்படி நினைச்சது இயல்பு தான்னு கமிட்டி ஒரு வரி எழுதினா நல்லது.

ரிப்போர்ட்

முடிவை முதலாளிக்கு அனுப்பறதுக்கு முன்னாடி, கண்டறிஞ்சதோட காப்பியை ரெண்டு பேருக்கும் கொடுத்து ஆட்சேபணை இருந்தா சொல்லச் சொல்லணும். இதை முக்கால்வாசி கமிட்டி மறந்துடும். மொத்த விசாரணையும் 90 நாள்ல முடியணும். புகார் வந்த நாள்ல இருந்து எண்ணிக்கறது பாதுகாப்பு, நம்ம கேஸ்ல ஜூன் 1. அதனால இந்தச் சுத்துக்கு கடைசில ரெண்டு வாரமாவது ஒதுக்கி வைங்க. முடிஞ்ச பத்து நாளுக்குள்ள ரிப்போர்ட் முதலாளிக்கும் ரெண்டு தரப்புக்கும் போகணும், அதுல இருந்து 60 நாளுக்குள்ள முதலாளி நடவடிக்கை எடுக்கணும்.

பரிந்துரை சர்வீஸ் ரூல்ஸ்ல இருக்கற மாதிரி. அப்படி இல்லன்னா எழுத்துல மன்னிப்பு, எச்சரிக்கை, பிரமோஷனோ சம்பள உயர்வோ நிறுத்தறது, கவுன்சலிங், வேலையை விட்டு எடுக்கறது வரைக்கும் விதில இருக்கு. எது ஏன்னு காரணம் சொல்லணும். இங்க கமிட்டி, அதிகாரத்தைக் காட்டி மிரட்டினது தான் இருக்கறதுல கனமான விஷயம்னு சொல்லி, அவர் இனி யாரையும் மேய்க்கற பதவில இருக்கக்கூடாது, ரெண்டு வருஷத்துக்கு சம்பள உயர்வு கிடையாதுன்னு சர்வீஸ் ரூல்ஸ்ல இருக்கறபடி பரிந்துரைக்குது. இன்னும் கடுமையா வேணும்னு நினைக்கறவங்க இருப்பாங்க, எனக்கும் அப்படித் தோணும், ஆனா காரணத்தோட இருந்தா ரெண்டும் நிக்கும். நஷ்டஈடும் உண்டு, மன உளைச்சல், வேலைல இழந்த வாய்ப்பு, மருத்துவச் செலவு, அவரோட வருமானம் இதெல்லாம் பாத்து. அது சம்பளத்துல புடிக்கப்பட்டா பேரோல்ல என்ன பேர்ல காட்டறதுன்னு முன்னாடியே பேசி வைங்க, "போஷ் டிடக்ஷன்"னு பே ஸ்லிப்ல அச்சடிச்சா மூணு மாசம் காத்த ரகசியம் ஒரு பேப்பர்ல போயிடும்.

ரிப்போர்ட்ல திருப்தி இல்லாதவங்க 90 நாளுக்குள்ள அப்பீல் போகலாம், அந்த வழி இருக்குன்னு ரெண்டு பேருக்கும் எழுத்துல சொல்லணும். அதுவரைக்கும் ஃபைல் பூட்டி இருக்கட்டும். உறுப்பினர்கள்கிட்ட இருக்கற காப்பியை எல்லாம் அந்த முதல் நாள் லிஸ்ட்டை வச்சு எண்ணித் திரும்ப வாங்குங்க, லேப்டாப்லயும் பர்சனல் மெயில்லயும் இருக்கறதை அழிச்சேன்னு கையெழுத்து வாங்குங்க. வருஷாந்திர அறிக்கைல எத்தனை புகார், எத்தனை முடிஞ்சுது, எத்தனை 90 நாளைத் தாண்டி நிலுவைல இருக்கு, எத்தனை விழிப்புணர்வு நிகழ்ச்சி நடந்துச்சு, என்ன மாதிரி நடவடிக்கை எடுத்தாங்கங்கறது போகும், பேர் போகாது.

அந்தப் பொண்ணோட ப்ரொபேஷன் கன்ஃபர்மேஷனை யார் பாக்கறாங்க, அடுத்த ரேட்டிங் எப்படி வருது, சாட்சி சொன்னவங்களுக்கு ஷிஃப்ட் ஏதாவது மாறுதான்னு தலைவர் மாசத்துக்கு ஒரு தடவை ஹெச்ஆர் டேட்டால பாத்துட்டு வரணும். பாக்கும்போது அவங்க பேரை மட்டும் தேடாதீங்க, மொத்த டிபார்ட்மென்ட் லிஸ்ட்டையும் எடுங்க.